காம்பு குறைந்தால் கோடாலி ஏன் கூடுதலாகச் சுழலும்?

குறிப்பலகையை நோக்கிக் கோடாலியை ஓங்கி எறிந்தால் அதிகம் சுழலும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். மணிக்கட்டை மடக்காமல் வீசினால் அப்படி இல்லை. கையும் கோடாலியும் ஒரே கட்டையாக முழங்கையை அச்சாக வைத்துச் சுழல்கின்றன. வேகத்தைக் கூட்டினால் முன்னே பாய்வதும் சுழல்வதும் ஒரே அளவில் கூடும். அதனால் ஒரு சுற்றுக்குக் கோடாலி கடக்கும் தூரம் மாறாது. முழங்கையிலிருந்து கோடாலியின் எடைமையம் வரை உள்ள நீளத்தை 6.28 ஆல் பெருக்கினால் அந்தத் தூரம் கிடைக்கும்.

காங்கேயம் பக்கத்துப் பட்டறையில் அடித்த கைக்கோடாலி ஒன்றை எடுத்துக்கொள்வோம். தலை 650 கிராம், 40 செ.மீ. வேலங்காம்பு 250 கிராம். காம்பை விரல்மேல் கிடத்தி நகர்த்தினால், அடிமுனையிலிருந்து சுமார் 32 செ.மீ.யில் சமமாக நிற்கும். அதுதான் எடைமையம். உள்ளங்கையின் நடுப்பகுதி காம்பின் அடிமுனையிலிருந்து 5 செ.மீ.யில் இருந்தால் மீதி 27. முழங்கையிலிருந்து உள்ளங்கைக்கு 33. மொத்தம் 60 செ.மீ., ஒரு சுற்றுக்கு 377 செ.மீ., அதாவது 12 அடிக்குச் சற்று மேல். 360 பாகைக்கு 377 செ.மீ. என்பதால், தூரம் ஒரு செ.மீ. பிசகினால் கோணமும் ஏறத்தாழ ஒரு பாகை பிசகும்.

இப்போது காம்பில் 10 செ.மீ. அறுத்துவிடுங்கள். எடைமையம் கைக்கு 8 செ.மீ. அருகே வந்துவிடும். சுற்றுத்தூரம் 327 ஆகும். நின்ற இடத்திலிருந்தே எறிந்தால் 55 பாகை கூடுதலாகச் சுழன்று, வாய் படுவதற்குப் பதில் தலையின் மேல்முனை பலகையில் மோதித் தெறிக்கும். ஒன்றரை அடிக்குச் சற்று மேல் முன்னே நகர்ந்தால் சரியாகிவிடும். காம்பை மேலே ஏற்றிப் பிடித்தால் நிலைமை இன்னும் மோசமாகும். இரண்டரை அடிக் காம்புள்ள பெரிய கோடாலிக்குப் போட்டிகளில் 20 அடி வாக்கில் கோடு போடுவதும் இதே கணக்கால்தான்.

பிழை எந்தப் பக்கம் என்பதைக் குத்திய கோடாலியே காட்டும். காம்பு நம் பக்கம் தூக்கி நின்றால் சுற்று அதிகம். பலகையில் ஒட்டிக்கொண்டோ, காம்பே முதலில் மோதியோ இருந்தால் சுற்று போதவில்லை, பின்னே போங்கள். காம்பு சற்றே வெளியே சாய்ந்து, வாயின் மேல்மூலை முதலில் இறங்குவதே நல்ல குத்து.

விடும்போது மணிக்கட்டைச் சொடுக்கினால் சுழற்சி மட்டும் கூடும், கணக்கு கெடும். உடம்பை முன்னே தள்ளினால் தூரம் நீளும். ஆகவே 377 என்பது தொடங்குகிற இடம்தான். அளக்க வேண்டியதும் காலிலிருந்து அல்ல, கோடாலி கையை விட்ட இடத்திலிருந்து. பலகைக்கு மலைவேம்பு போன்ற மெத்தென்ற மரம் போதும். முற்றிய தென்னையின் வெளிப்பகுதி கடினம், சரியாகச் சுழன்று வந்த கோடாலியும் அதில் பட்டுத் திரும்பிவரும். எறிபவருக்குப் பின்னால்தான் மற்றவர்கள் நிற்க வேண்டும்.