சல்லடையைத் தலைகீழாக அடுக்கினால்

குன்னூரில் தேயிலை விற்கும் ஒரு சிறிய நிறுவனத்தின் தரவுத்தளத்தைச் சில ஆண்டுகளாகப் பார்த்துக்கொள்கிறேன். கடந்த ஏப்ரலில் அதன் முதலாளி தொலைபேசியில் அழைத்தார். கோத்தகிரியில் கடை வைத்திருக்கும் பழைய வாடிக்கையாளர் ஒருவர் சண்டைக்கு வந்துவிட்டாராம். சீசனுக்காக 100 கிலோ தேயிலை எடுத்திருக்கிறார். கிலோ 400 ரூபாய்க்கு மொத்த வியாபாரிக்கான 12 சதவீதத் தள்ளுபடி வரவேண்டும், பில்லில் வரவில்லை. 4,800 ரூபாய் கூடுதல். அது போதாதென்று, பிப்ரவரியில் அவருக்கு நாங்கள் அனுப்பிய குறுஞ்செய்தி: "உங்களைப் பார்த்து நெடுநாள் ஆயிற்றே! மீண்டும் வாங்கினால் 50 ரூபாய் தள்ளுபடி."

"பதினைந்து வருடமாக வாங்குகிற மனிதருக்கு 50 ரூபாய் ஆசை காட்டுகிறோமே, தம்பி" என்றார் முதலாளி.

தள்ளுபடியும் குறுஞ்செய்தியும் வாடிக்கையாளர் எந்தப் பிரிவில் இருக்கிறார் என்பதைப் பார்த்துத்தான் போகும். அந்தப் பிரிவு போடும் SQL குவெரியை எழுதியவன் நான்தான். அதில் நிபந்தனைகளைப் பார்த்துப் பிரிவின் பெயரைத் தருவது CASE என்ற பகுதி. முதல் இரண்டு நாள் பில்லிங் மென்பொருளைத்தான் சந்தேகித்தேன் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

CASE எப்படி வேலை செய்கிறது என்பதை இந்த மலையில் இருப்பவர்களுக்கு விளக்குவது எளிது. தொழிற்சாலையில் உலர்ந்த தேயிலையைச் சலிக்கும்போது பெரிய கண்ணுள்ள சல்லடை மேலே இருக்கும், கீழே போகப் போகக் கண் சிறுத்துக்கொண்டே வரும். பருமனான துகள் மேல் தட்டில் நின்றுவிடும், டஸ்ட் அடித்தட்டுக்கு இறங்கும். மேலே நின்றுவிட்ட துகளைக் கீழ்ச் சல்லடை பார்ப்பதே இல்லை. CASE-இலும் WHEN வரிகள் மேலிருந்து கீழாகப் படிக்கப்படுகின்றன. ஒரு வாடிக்கையாளருக்கு முதலில் எந்த வரி உண்மையாகிறதோ அங்கேயே அவர் நின்றுவிடுவார். அதற்குக் கீழே அவருக்கு இன்னும் பொருத்தமான வரி இருந்தாலும் பயனில்லை.

ஆகவே, `annual_total >= 5000` என்ற வரியை மேலேயும் `annual_total >= 50000` என்ற வரியைக் கீழேயும் எழுதினால், நுண்ணிய சல்லடையை உச்சியில் வைத்த கதைதான். 80,000 ரூபாய்க்கு வாங்கியவரும் மேல் வரியிலேயே சிக்கிக்கொள்வார். கீழ் வரிக்கு ஒருவர்கூட வரமாட்டார். பிழைச் செய்தி எதுவும் வராது. ஆனால் இந்தத் தவறு தன்னைத் தானே காட்டிக்கொடுத்துவிடும், ஏனென்றால் அறிக்கையில் மொத்த வியாபாரிகள் பிரிவே இருக்காது. அதைப் பார்த்து யாராவது கத்துவார்கள், பத்து நிமிடத்தில் சரிசெய்துவிடலாம். இதைப் பற்றி மேலும் சொல்ல ஒன்றுமில்லை.

எங்களுக்கு நேர்ந்தது வேறு. என் குவெரியில் தொகைகள் பெரிதிலிருந்து சிறிதாகச் சரியாகவே இருந்தன. பிப்ரவரியில், வாங்குவதை நிறுத்திவிட்டவர்களைத் தனியாகப் பிரித்துத் தரும்படி கேட்டார்கள். நான் ஒரு வரியைச் சேர்த்தேன், அதுவும் உச்சியில்:

```sql
CASE
  WHEN last_order < CURRENT_DATE - 90 THEN 'விலகியவர்'
  WHEN annual_total >= 50000 THEN 'மொத்தம்'
  WHEN annual_total >= 5000  THEN 'வழக்கம்'
  ELSE 'புதியவர்'
END
```

`annual_total` என்பது முந்தைய நிதியாண்டின் கொள்முதல். `last_order` கடைசியாக வாங்கிய தேதி. தொண்ணூறு நாள் என்ற கணக்கு மாதாமாதம் வாங்கும் வீட்டு வாடிக்கையாளருக்குப் பொருந்தும். கோத்தகிரிக் கடைக்காரர் அப்படி வாங்குபவர் அல்லர். ஏப்ரல், மே சீசனுக்கு முன்பு ஒருமுறை, செப்டம்பரில் இரண்டாம் சீசனுக்கு முன்பு ஒருமுறை, அவ்வளவுதான். ஒவ்வொரு முறையும் வாங்கித் தொண்ணூறு நாள் தாண்டியதும் அவர் 'விலகியவர்' ஆகிவிடுவார். பிரிவு இரவில் கணக்கிடப்படுகிறது. மறுநாள் பகலில் அவர் வந்து 100 கிலோ எடுக்கும்போது பில் பார்ப்பது முந்தைய இரவின் பிரிவைத்தான்.

சல்லடை உவமை இங்கே கைவிட்டுவிடுகிறது. அங்கே எல்லாத் தட்டும் அளப்பது ஒன்றையே, பருமனை. இங்கே முதல் வரி தேதியை அளக்கிறது, அடுத்த இரண்டும் பணத்தை அளக்கின்றன. ஒரே மனிதருக்கு இரண்டு நிபந்தனையும் உண்மையாக இருக்கலாம். அப்போது அவரை எங்கே வைப்பது என்பதை முடிவு செய்வது வரிசை மட்டுமே, அதாவது அந்த வரியைத் தட்டும்போது என் விரல் எங்கே இருந்ததோ அது.

அறிக்கையில் எந்தப் பிரிவும் காலியாக இல்லை. கூட்டிப் பார்த்தால் 640 வாடிக்கையாளர், சரியாக இருந்தது. மொத்த வியாபாரிகள் 41 பேர் என்றிருந்ததையும் குறைவாக யாரும் நினைக்கவில்லை. மூன்றாம் நாள்தான் ஒவ்வொரு பிரிவுக்கும் `annual_total`-இன் MIN, MAX இரண்டையும் எடுத்துப் பார்த்தேன். 'விலகியவர்' பிரிவில் மிகப் பெரிய தொகை ஒரு லட்சத்தைத் தாண்டியிருந்தது. அப்போதுதான் உறைத்தது. CASE-ஐ ஓரமாக வைத்துவிட்டு, நிபந்தனைகளை மட்டும் தனித்தனியாக எடுத்து எண்ணினேன் (நாங்கள் பயன்படுத்துவது PostgreSQL):

```sql
SELECT annual_total >= 50000 AS bulk,
       last_order < CURRENT_DATE - 90 AS idle,
       COUNT(*)
FROM customers
GROUP BY 1, 2;
```

இரண்டும் உண்மையாக இருந்தவர்கள் 17 பேர். முன்பு மொத்த வியாபாரிகளாக இருந்த 58 பேரில் 17. வரிசையை மாற்றினால் பிரிவு மாறக்கூடியவர்களில் நம்மைச் சண்டைக்கு இழுக்கக்கூடியவர்கள் இவர்கள்தான். CASE-இல் புதிய வரி ஒன்றைச் சேர்க்கும் முன் இந்த எண்ணிக்கையை எடுத்துவிட வேண்டும். சேர்த்தபின் CASE-இன் விடையை மட்டும் பார்த்தால் இது தெரியவே தெரியாது, ஏனென்றால் அந்த விடை ஒருவருக்கு ஒரு பெயரை மட்டுமே சொல்லும்.

அதே குவெரி இன்னொன்றையும் காட்டியது. இரு நெடுவரிசையும் வெறுமையாக ஒரு சிறு கூட்டம் இருந்தது. ஊட்டி மலர்க் கண்காட்சி சமயத்தில் போட்ட கடையில் பெயரும் எண்ணும் மட்டும் கொடுத்துவிட்டு எதுவும் வாங்காமல் போனவர்கள். அவர்களுக்கு `last_order`, `annual_total` இரண்டுமே NULL, அதாவது மதிப்பே இல்லை. NULL-ஐ எந்தத் தேதியோடும் தொகையோடும் ஒப்பிட்டாலும் உண்மை என்ற விடை வராது, எனவே எல்லா வரியையும் தாண்டி ELSE-இல் போய் விழுந்து 'புதியவர்' ஆகியிருந்தார்கள். இது தற்செயலாகச் சரியாக அமைந்தது. நான் நிபந்தனையைத் திருப்பிப்போட்டு, அண்மையில் வாங்கியவர்களை முதலில் பிடித்து மற்றவர்களை ELSE-இல் 'விலகியவர்' என்று எழுதியிருந்தால், ஒரு பாக்கெட்கூட வாங்காதவருக்கும் "நெடுநாள் ஆயிற்றே" என்று செய்தி போயிருக்கும்.

திருத்தம் என்று பார்த்தால், 'மொத்தம்' வரியை மேலே தூக்கினால் போதும் என்றுதான் முதலில் நினைத்தேன். முதலாளியிடம் 17 பெயர்களையும் படித்துக் காட்டினேன். அவர் ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டே வந்து இரண்டு பெயர்களில் நிறுத்தினார். "இவர் கடையை விற்றுவிட்டார். இவர் இப்போது வேறு இடத்தில் எடுக்கிறார். இவர்கள் இரண்டு பேரும் நிஜமாகவே போய்விட்டவர்கள்தானே?" வரியை மேலே தூக்கியிருந்தால் இந்த இருவரும் நிதியாண்டு மாறும்வரை மொத்த வியாபாரிகளாகவே நின்றிருப்பார்கள், அவர்களைத் திரும்ப அழைக்க யாருக்கும் தோன்றியிருக்காது. எந்த வரிசையில் எழுதினாலும் சிலருக்குத் தவறு.

கடைசியில் ஒரு CASE இரண்டாயிற்று. ஒன்று பணத்தை மட்டும் பார்த்து விலைப்பிரிவு தருகிறது. பில் அதை மட்டுமே படிக்கும். மற்றொன்று தேதியைப் பார்த்து நிலையைச் சொல்கிறது. குறுஞ்செய்தி அதைப் படிக்கும். மொத்த வியாபாரிக்குத் தொண்ணூறுக்குப் பதில் 240 நாள் என்று முதலாளியே சொன்னார். செப்டம்பரில் எடுத்தவர் மே மாதத்திலும் வரவில்லை என்றால் அப்போது விசாரிக்கலாம், அதையும் குறுஞ்செய்தியில் கேட்கக்கூடாது, தானே அழைத்துப் பேசுவதாகச் சொல்லிவிட்டார். இரண்டு CASE-க்கும் மேலே, எந்த எண்ணை யார் எந்தத் தேதியில் சொன்னார்கள் என்று ஒரு வரிக் குறிப்பு இருக்கிறது.

கோத்தகிரிக் கடைக்காரருக்கு 4,800 ரூபாய் திரும்பிப் போயிற்று. கூடவே அந்த 50 ரூபாயையும் கழித்துக்கொள்ளச் சொன்னாராம். செய்தி அனுப்பியது நாங்கள்தானே என்று.