மதுவால் விரிந்த இதயம்: ஒரு சொல் விளக்கம்

சேலத்தில் இதய நோயாளிகளின் எக்கோ அறிக்கைகளில் ‘ஆல்கஹால் ரிலேட்டட் டைலேட்டட் கார்டியோமயோபதி’ என்ற நீண்ட தொடர் எழுதப்பட்டிருந்தால், வீட்டார் அதை ‘இதயம் வீங்கியிருக்கிறதாம்’ என்று சுருக்கிச் சொல்லிக்கொள்கிறார்கள். காயத்தின் வீக்கம் மருந்து போட்டால் ஓரிரு வாரத்தில் வடிந்துவிடும். அதைப் போலவே இதயமும் வடிந்துவிடும் என்ற எண்ணத்தை இந்தச் சொல் விதைத்துவிடுகிறது. மூச்சிரைப்பு நின்றதும் மாத்திரையை விட்டுவிடுவதற்கும் மறுபடி குடிக்கத் தொடங்குவதற்கும் இந்த எண்ணம் வழிவிடுகிறது என்பதால், சொல்லைச் சரியாகப் புரிந்துகொள்வது அவசியமாகிறது.

ஆல்கஹால் என்பது ‘அல்-குஹ்ல்’ என்னும் அரபுச் சொல்லின் வழி வந்தது. நம் ஊர்க் கடைகளில் இன்றும் சுருமா என்ற பெயரில் கிடைக்கும் கண்மைப் பொடியையே அது முதலில் குறித்தது. நன்கு நுணுக்கிய பொடி என்ற பொருள், பின்னர் ஒன்றின் சாரம் என்று விரிந்து, திராட்சை மதுவிலிருந்து வடித்த சாரத்திற்குப் பெயராக நிலைத்தது. இலங்கைத் தமிழில் வழங்கும் ‘மதுசாரம்’ இந்தப் பொருளுக்கு மிக அருகில் நிற்கிறது. நோயின் பெயரில் ‘மது’ என்பதே போதும்.

கார்டியோமயோபதி கிரேக்க வேர்களால் ஆனது: ‘கார்டியா’ இதயம், ‘மீஸ்’ தசை, ‘பாத்தோஸ்’ துன்பம். இரத்தக்குழாய் அடைப்பால் வராத இதயத்தசை நோய்களைக் குறிக்க, இங்கிலாந்து மருத்துவர் வாலஸ் பிரிக்டன் 1957-இல் இச்சொல்லை வழக்குக்குக் கொண்டுவந்தார். ஆயினும் நோய் அதற்கு முன்பே அறியப்பட்டிருந்தது. அளவு கடந்து பீர் குடித்தவர்களின் பெருத்த இதயங்களை மியூனிக் நகரில் 1884-இல் விவரித்த பொலிங்கர், அதைப் ‘பீர் இதயம்’ என்றே அழைத்தார். ‘டைலேட்டட்’ என்பதன் இலத்தீன் மூலத்திற்கு அகலமாக்குதல் என்று பொருள். எனவே ‘மதுசார் விரிவு இதயத்தசை நோய்’ என்பதே பொருந்தும் தமிழ்த் தொடர். தமிழில் தடித்தல், வீங்குதல், விரிதல் ஆகிய மூன்றும் வேறுவேறு. உயர் இரத்த அழுத்தத்தில் இதயச் சுவர் தடிக்கிறது. அழற்சியில் திசு வீங்குகிறது. இந்த நோயிலோ அறையின் உள்ளிடம் விரிந்து, சுவர் மெலிந்து, தசையின் பிழியும் வலிமை குறைகிறது.

அந்த விரிவு ஒரு நாளில் நேர்வதன்று. நாளொன்றுக்கு ஏறக்குறைய 80 கிராமுக்கு மேல் தூய ஆல்கஹாலை 5 ஆண்டுகளுக்குக் குறையாமல் குடித்தவர்களிடமே இந்நோயைப் பெரும்பாலும் காண்கிறோம். இதைக் கடைக் கணக்கில் பார்க்கலாம். ஒரு குவார்ட்டர் என்பது 180 மி.லி.; அதில் 42.8 விழுக்காடு, அதாவது சுமார் 77 மி.லி., ஆல்கஹால். ஆல்கஹால் நீரைவிட இலேசானது என்பதால் அதன் எடை ஏறத்தாழ 61 கிராம். ஆக, தினமும் ஒன்றரைக் குவார்ட்டர் குடிப்பவர் 90 கிராமைத் தொட்டுவிடுகிறார். பிராந்தியா, ரம்மா, பீரா என்பது இங்கே பொருட்டல்ல. உள்ளே போன ஆல்கஹாலின் மொத்த எடையே கணக்கு.

உடலில் ஆல்கஹால் அசிட்டால்டிஹைடாக மாறுகிறது. இவை இரண்டும் தசைச் செல்களின் ஆற்றல் நிலையங்களான மைட்டோகாண்டிரியாக்களைக் கெடுத்து, சுருங்குவதற்குத் தேவையான கால்சியத்தின் போக்குவரத்தைக் குலைத்து, புதிய புரதம் உருவாவதையும் தடுக்கின்றன. சில செல்கள் மடிய, அவ்விடத்தில் நார்த்தழும்பு படிகிறது. வலு குறைந்த அறை, அதே அளவு இரத்தத்தை அனுப்புவதற்காக விரிகிறது. விரிந்த அறையின் சுவர் முன்னைவிட அதிக இழுவிசையைத் தாங்க வேண்டியிருப்பதால் மேலும் விரிகிறது. அதே அளவு குடித்தும் பலருக்கு இது வராததற்கு மரபணு ஒரு காரணம். தசையின் நீண்ட புரதமான டைட்டினுக்குரிய மரபணுவில் குறையுள்ளவர்கள் இந்நோயாளிகளிடையே, நலமானவர்களிடையே இருப்பதைவிடக் கூடுதல் விகிதத்தில் உள்ளனர்.

எடுத்துக்காட்டாக, ஏற்காட்டுக் காப்பித் தோட்டம் ஒன்றில் சில்வர் ஓக் மரங்களில் ஏணி வைத்து மிளகு பறிக்கும் 46 வயதுக்காரர் ஒருவரை வைத்துக்கொள்வோம். பன்னிரண்டு ஆண்டுகளாகத் தினமும் ஒன்றரைக் குவார்ட்டர் குடித்துவந்த அவருக்கு முதலில் ஏணியில் பாதியிலேயே மூச்சு வாங்குகிறது. மலைக்காற்றின் குளிர்ச்சி என்று விட்டுவிடுகிறார். பிறகு இரவில் படுத்தால் மூச்சு முட்டி எழுந்து உட்கார வேண்டியிருக்கிறது. கணுக்காலை அழுத்தினால் குழி விழுகிறது. கீழே சேலத்துக்கு அழைத்துவந்து எக்கோ எடுத்தால், இடது கீழறையின் குறுக்களவு 66 மி.மீ., பம்பிங் 25 விழுக்காடு. ஆண்களில் அந்த அளவு 58 மி.மீ. வரை இயல்பு. மதுவால் வந்தது என்று உறுதியாகக் காட்டும் தனிப் பரிசோதனை எதுவும் இல்லை. ஆஞ்சியோகிராமில் அடைப்பில்லை, வால்வுகளில் பழுதில்லை, தைராய்டு சரி என்று ஒவ்வொன்றாக விலக்கி, குடித்த அளவையும் ஆண்டுகளையும் உண்மையாகக் கேட்டறிந்த பிறகே அந்தப் பெயர் எழுதப்படும். தயமின் என்னும் பி1 வைட்டமின் குறைவாலும் குடிப்பவர்களுக்கு இதயம் செயலிழக்கலாம். அதில் கைகால்கள் பெரும்பாலும் வெதுவெதுப்பாக இருக்கும், தயமின் ஊசிக்குச் சில நாட்களிலேயே மாற்றம் தெரியும்.

பல ஆண்டு குடித்தவர் வீட்டிலேயே திடீரென நிறுத்தினால் கைநடுக்கம், வலிப்பு, இரண்டு மூன்று நாட்களில் மனக்குழப்பம் ஆகியவை நேரலாம். தளர்ந்த இதயத்துக்கு அது மேலும் சுமை. ஆகவே நிறுத்துவதை மருத்துவரின் மேற்பார்வையில் செய்ய வேண்டும். இவர் அப்படி நிறுத்தி, பீட்டா தடுப்பான் உள்ளிட்ட இதய மாத்திரைகளையும் ஒழுங்காக எடுக்கிறார். மூன்றாம் மாதத்தில் பம்பிங் 33, ஓராண்டில் 46, அறையின் அளவு 58 மி.மீ.

இந்த எண்களைக் கேட்கும் வீட்டார், நூற்றில் பாதிகூட இல்லையே என்று கலங்குவதைப் பார்த்திருக்கிறேன். ‘பம்பிங்’ என்பது அறை நிரம்பியபோது இருந்த இரத்தத்தில் ஒரு துடிப்பில் வெளியேறும் பங்கு மட்டுமே. நலமான இதயமே ஏறத்தாழ 55 முதல் 70 வரைதான் அனுப்பும். எனவே 46 என்பது இயல்பின் வாசலுக்கு வந்துவிட்ட எண். எல்லோரும் அவ்வளவு தூரம் வருவதில்லை. சோர்ந்திருந்த செல்கள் மீள்கின்றன, தழும்பாகிவிட்ட இடம் மீள்வதில்லை, ஆகவே எம்.ஆர்.ஐ.யில் தழும்பு மிகுதியாகத் தெரிபவருக்கும் நெடுநாள் காலம் கடத்தியவருக்கும் மீட்சி குறைவு. குடியை வெகுவாகக் குறைத்தவர்களும் அடியோடு விட்டவர்களைப் போலவே முன்னேறியதாக ஸ்பெயின் நாட்டு ஆய்வுகள் சொல்கின்றன. ஆனால் பழக்கத்துக்கு அடிமையானவரால் குறைந்த அளவில் நிற்க முடிவதில்லை என்பதால், அவரிடம் முழு நிறுத்தத்தையே மருத்துவர்கள் கேட்கிறார்கள்.

‘ரிகவர்ட்’ என்று அறிக்கையில் வரும் சொல்லை நாம் ‘குணமானது’ என்று பெயர்க்கிறோம். பிரிட்டனில் 2019-இல் வெளிவந்த ஆய்வு ஒன்றில், பல காரணங்களால் இதயம் விரிந்து பின் இயல்புக்குத் திரும்பியவர்களிடம் மாத்திரைகளைப் படிப்படியாக நிறுத்தியபோது, ஆறு மாதத்துக்குள் பத்தில் நான்கு பேருக்கு நோய் மீண்டும் தலைதூக்கியது. அதனால் ‘தணிந்தது’ என்பதே எனக்குச் சரியான சொல்லாகத் தோன்றுகிறது. காய்ச்சல் தணிந்தது என்று சொல்லும்போது, அது மறுபடி ஏறக்கூடும் என்பதையும் நாம் சேர்த்தே உணர்கிறோம். நம் மிளகுத் தொழிலாளி இப்போது மூச்சு வாங்காமல் ஏணி ஏறினாலும், அவருடைய அறிக்கையில் ‘தணிந்த மதுசார் விரிவு இதயத்தசை நோய், மாத்திரை தொடரவும், ஆறு மாதத்தில் மறு எக்கோ’ என்றே எழுதப்பட வேண்டும்.