மொமென்ட் ஏரியா முறை: விலகல் வேறு, தொய்வு வேறு

6 மீட்டர் நீளப் பீம். இடது முனை A, வலது முனை B இரண்டும் சாதாரணத் தாங்கிகள். A-இலிருந்து 4 மீட்டரில், C என்ற புள்ளியில், 30 kN சுமை. பீமின் வளைவு விறைப்பு EI = 10,000 kN·m². C-இல் தொய்வு எவ்வளவு, அதிகபட்சத் தொய்வு எங்கே என்பது கேள்வி.

A-இல் எதிர்விசை 10 kN, B-இல் 20 kN. வளைவு மொமென்ட் படம் ஒரு முக்கோணம். C-இல் உச்சம் 40 kN·m. C-இல் செங்குத்தாக வெட்டினால் இடது பக்கப் பரப்பு 80, வலது பக்கம் 40. EI-ஐக் கடைசியில் வகுத்துக்கொள்ளலாம்.

A-இல் வளைந்த பீமுக்கு ஒரு தொடுகோடு வரைந்து B வரை நீட்டுங்கள். அந்தக் கோட்டுக்கும் B-க்கும் உள்ள செங்குத்து இடைவெளிதான் விலகல். பரப்புகளின் மொமென்டை B-ஐச் சுற்றி எடுத்தால் அது கிடைக்கும். எந்தப் புள்ளியின் விலகல் வேண்டுமோ, அந்தப் புள்ளியிலிருந்துதான் தூரம் அளக்க வேண்டும். பாதித் தவறுகள் இங்கேதான் நடக்கின்றன.

```
B-இன் விலகல் = 80×(10/3) + 40×(4/3) = 320
θA = 320/6 = 53.33
```

B நகராத தாங்கி. ஆகவே 320 என்பது எந்தப் புள்ளியின் தொய்வும் அல்ல, A-இன் சாய்வைக் கண்டுபிடிக்க உதவும் எண் மட்டுமே. EI-ஆல் வகுத்தால் θA = 0.00533 ரேடியன்.

இனி C. தொடுகோடு அங்கே 53.33×4 = 213.33 இறங்கியிருக்கும். பீம் அதைவிட மேலே நிற்கிறது; எவ்வளவு மேலே என்பதே C-இன் விலகல்: 80×(4/3) = 106.67. இரண்டையும் கழித்தால் தொய்வு 106.67, அதாவது 10.67 மி.மீ.

விலகலும் தொய்வும் ஒரே எண்ணாக வந்திருப்பதைக் கவனியுங்கள். சுமை 2:1 விகிதத்தில் நீளத்தைப் பிரிக்கும்போது மட்டும் நேரும் தற்செயல் இது. கழிக்க மறந்த மாணவருக்கும் இங்கே சரியான விடை வந்துவிடும்! அதே ஆள் நடுப்புள்ளிக்குப் போனால் மாட்டிக்கொள்வார்: விலகல் 45, உண்மையான தொய்வு 160 − 45 = 115, அதாவது 11.5 மி.மீ.

அதிகபட்சத் தொய்வு, சாய்வு சுழியாகும் இடத்தில். A-இலிருந்து x வரை பரப்பு 5x². இரு புள்ளிகளுக்கு இடையிலான பரப்புதான் அங்கே சாய்வு மாறும் அளவு; ஆகவே அது θA-க்குச் சமமாக வேண்டும். 5x² = 53.33 என்றால் x = 3.27 மீட்டர். அங்கே தொடுகோடு கிடைமட்டம் என்பதால், அதிலிருந்து A எவ்வளவு விலகியிருக்கிறதோ அதுவே தொய்வு: 53.33×(2/3)×3.27 ≈ 116, அதாவது 11.6 மி.மீ. சுமை நடுவிலிருந்து 1 மீட்டர் தள்ளி இருந்தும், பீம் அதிகம் தொய்வது நடுவிலிருந்து வெறும் 27 செ.மீ. தள்ளித்தான். ஒற்றைச் சுமையை B-க்கு எவ்வளவு நெருக்கமாக நகர்த்தினாலும் இந்தப் புள்ளி 3.46 மீட்டரைத் தாண்டாது. அவசரத்துக்கு நடுப்புள்ளித் தொய்வையே எடுத்துக்கொள்வதில் பெரிய பிழை வராததற்குக் காரணம் இதுதான்.

விடையைச் சரிபார்க்க, B-இலிருந்து ஆரம்பியுங்கள். மொத்தப் பரப்பு 120; ஆகவே θB = 120 − 53.33 = 66.67. C-இல் தொய்வு 66.67×2 − 40×(2/3) = 106.67. பீமின் நடுவே கீல் இருந்தால் மட்டும் இந்தக் கணக்கை அதைத் தாண்டி நேராக இழுக்கக் கூடாது. கீலில் சாய்வு சட்டென்று மாறும், அந்த மாற்றம் பரப்பில் தெரியாது.