ஓவர்டைம் சம்பளம் குறைந்தால் மனிதவளத் துறைக்கு என்ன எழுதுவது?

தமிழில் மனு எழுதப் பழகிய எல்லோருக்கும் கடைசி வரி மனப்பாடம்: ‘ஆகவே தக்க நடவடிக்கை எடுக்குமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்.’ மனிதவளத் துறைக்குப் போகும் புகாரில் இதைவிடப் பயனற்ற வரி கிடையாது. எது தக்க நடவடிக்கை என்று முடிவு செய்யும் உரிமையை அந்த ஒரு வரியில் எதிர்த்தரப்பிடமே கொடுத்துவிடுகிறோம். சூப்பர்வைசரைக் கூப்பிட்டு இரண்டு வார்த்தை பேசிவிட்டு, ‘நடவடிக்கை எடுத்தாயிற்று’ என்று கோப்பை மூடினாலும் அவர்கள் செய்தது சரிதான் என்றாகிவிடும்.

இப்படிப்பட்ட புகாருக்குச் சட்டம் ஒரு வழியை வகுத்திருக்கிறது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்திருக்கும் தொழில் உறவுகள் சட்டத்தொகுப்பின் 4ஆவது பிரிவுப்படி, 20 அல்லது அதற்கு மேற்பட்ட தொழிலாளர்கள் உள்ள ஒவ்வொரு நிறுவனத்திலும் குறைதீர்க் குழு இருக்க வேண்டும். நிர்வாகத் தரப்பிலும் தொழிலாளர் தரப்பிலும் சம எண்ணிக்கையில் உறுப்பினர்கள். மொத்தம் பத்துப் பேருக்கு மிகக் கூடாது. தனி ஒரு தொழிலாளியின் குறைகளை விசாரிப்பதற்கென்றே அமைந்த குழு இது. பல நிறுவனங்களில் இதன் உறுப்பினர் பட்டியல் அறிவிப்புப் பலகையின் மூலையில் மங்கிக் கிடக்கும். சிலவற்றில் அதுவும் இருக்காது. அதனால் கடிதத்தைக் குழுத் தலைவருக்கு முகவரியிட்டு, மனிதவளத் துறை வழியாகக் கொடுப்பது நல்லது. குழு அமைக்கப்படவே இல்லை என்றால் அந்த உண்மையும் கடிதத்தால் வெளிவந்துவிடும்.

திருப்பூரில் சர்வசாதாரணமாக நடக்கும் ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஓர் ஏற்றுமதி ஆடை நிறுவனத்தின் தையல் பிரிவில் டெய்லராக இருக்கும் பெண். செல்வி என்று வைத்துக்கொள்வோம். அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்த்து மாதம் 15,600 ரூபாய், 26 நாள் வேலை. ஒரு நாளைக்கு 600 ரூபாய், எட்டு மணி நேர ஷிப்டில் மணிக்கு 75 ரூபாய். மார்ச் மாதத்தில் ஓர் ஆர்டரை அவசரமாக அனுப்ப வேண்டியிருந்ததால், 9ஆம் தேதி திங்கள் முதல் 14ஆம் தேதி சனி வரை ஆறு நாளும் ‘ஒன்றரை ஷிப்ட்’ ஓட்டினார்கள். தினமும் நான்கு மணி நேரம் கூடுதல் என்றால் மொத்தம் 24 மணி நேரம். ஓவர்டைமுக்கு வழக்கமான விகிதத்தைப் போல் இரண்டு மடங்குக்குக் குறையாமல் தர வேண்டும் என்பது பழைய தொழிற்சாலைச் சட்டத்திலும் இருந்தது, இப்போதைய ஊதியச் சட்டத்தொகுப்பிலும் இருக்கிறது. மணிக்கு 150 வீதம் 3,600 ரூபாய் வர வேண்டும். ஏப்ரல் 7ஆம் தேதி கிடைத்த சம்பளச் சீட்டில் ‘ஊக்கத்தொகை 1,800’ என்று ஒரு வரி இருந்தது. ஓவர்டைம் என்ற சொல்லே எங்கும் இல்லை.

இந்தப் பெயர் மாற்றத்தை லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. ஒற்றை விகிதத்தில் கொடுத்த பணத்துக்கு ஊக்கத்தொகை என்று பெயர் வைத்துவிட்டால், பதிவேட்டின்படி அந்த ஆறு நாளும் ஓவர்டைமே நடக்கவில்லை. எனவே செல்வி ‘ஓவர்டைம் பணம் குறைகிறது’ என்று மட்டும் எழுதினால், ‘ஓவர்டைம் எதுவும் இல்லை, ஊக்கத்தொகை வழங்கப்பட்டிருக்கிறது’ என்று ஒரே வரியில் பதில் வந்துவிடும். அவர் முதலில் நிலைநாட்ட வேண்டியது பணத்தை அல்ல, நேரத்தை. எந்த நாள், எத்தனை மணிக்கு உள்ளே வந்தார், எத்தனை மணிக்கு வெளியே போனார், யார் இருக்கச் சொன்னார் என்பவை வேண்டும். பஞ்சிங் இயந்திரத்தின் பதிவு நிறுவனத்தின் கையில் இருக்கிறது. ஆனால் அந்த நாள்களில் லைன் வாட்ஸ்அப் குழுவில் வந்த ‘இன்று ஒன்றரை’ என்ற செய்தி, இரவு வேன் ஏறிய நேரம், பக்கத்து மெஷினில் இருந்தவர்களின் பெயர் ஆகியவை செல்வியிடம் இருக்கின்றன. கம்பெனிப் பதிவேடுகளைத் திருட்டுத்தனமாகப் படம் எடுக்கத் தேவையில்லை. அது அவருக்கே வினையாகலாம். அந்த நாள்களின் பதிவைக் குழு வரவழைத்துப் பார்க்க வேண்டும் என்று கடிதத்திலேயே கேட்டால் போதும்.

கடிதம் இப்படி இருக்கலாம்:

‘பெறுநர்: தலைவர், குறைதீர்க் குழு. வழி: மேலாளர், மனிதவளத் துறை. நாள்: 10.4.2026.

பொருள்: 2026 மார்ச் மாத ஓவர்டைம் சம்பளத்தில் 1,800 ரூபாய் குறைவு.

நான் தையல் பிரிவு, மூன்றாம் லைனில் வேலை செய்கிறேன். (பணியாளர் எண்.) மார்ச் 9 முதல் 14 வரை ஆறு நாளும் காலை 8.30 மணி முதல் இரவு 9.30 மணி வரை வேலை செய்தேன். இடைவேளை ஒரு மணி நேரம் போக, தினமும் 12 மணி நேரம் வேலை; அதில் 4 மணி நேரம் ஓவர்டைம். ஆறு நாளுக்கு 24 மணி நேரம். மார்ச் 7 மாலை லைன் சூப்பர்வைசர் எங்கள் லைனில் எல்லோரிடமும் இதைச் சொன்னார். வாட்ஸ்அப் செய்தியின் நகல் இணைப்பு 1.

என் மணிச் சம்பளம் 75 ரூபாய். இரட்டிப்பு விகிதத்தில் 3,600 ரூபாய் வர வேண்டும். ஏப்ரல் 7 சம்பளச் சீட்டில் ஊக்கத்தொகை என்ற பெயரில் 1,800 ரூபாய் மட்டும் வந்துள்ளது (இணைப்பு 2). வேறு எந்த வேலைக்கும் எனக்கு மார்ச் மாதம் ஊக்கத்தொகை அறிவிக்கப்படவில்லை. ஏப்ரல் 8 காலை சூப்பர்வைசரிடம் கேட்டேன். ஆபீஸில் கேட்கச் சொன்னார்.

நான் கேட்பது: மீதி 1,800 ரூபாயை மே 7ஆம் தேதிக்குள் தர வேண்டும். இனி சம்பளச் சீட்டில் ஓவர்டைம் நேரத்தையும் விகிதத்தையும் தனி வரியில் காட்ட வேண்டும். மேற்சொன்ன ஆறு நாளின் பஞ்சிங் பதிவைக் குழு பார்வையிட வேண்டும். முடிவை எனக்கு எழுத்தில் தர வேண்டும்.’

ஒரு பக்கத்துக்குள் அடங்கும் கடிதம்தான். ‘அடிக்கடி’, ‘பல முறை’, ‘அராஜகம்’ என்று எதுவும் இதில் இல்லை. சூப்பர்வைசர் கத்தியது, தலைவலிக்கு விடுப்பு மறுத்தது, கேன்டீன் சாப்பாடு எல்லாம் உண்மையாகவே இருக்கலாம். அவற்றுக்குத் தனிக் கடிதம் வேண்டும். ஐந்து குறைகளை ஒரே தாளில் அடுக்கினால் கேன்டீனைச் சரிசெய்துவிட்டுப் பதில் அனுப்புவார்கள்.

‘ஊக்கத்தொகை அறிவிக்கப்படவில்லை’ என்ற வரியைக் கவனியுங்கள். நிறுவனம் சொல்லப்போகும் பதிலை முன்கூட்டியே அடைப்பது அதுதான். தொகையையும் தேதியையும் குறித்துக் கேட்டிருப்பதால், தருகிறோம் என்றோ தர மாட்டோம் என்றோதான் சொல்லியாக வேண்டும், மழுப்ப இடமில்லை.

கடிதம் போய்ச் சேர்ந்த நாள் மிக முக்கியம். விண்ணப்பம் கிடைத்த 30 நாளுக்குள் குழு விசாரணையை முடிக்க வேண்டும் என்பது கணக்கு. ஆகவே இரண்டு பிரதி எடுத்து, ஒன்றில் ‘பெறப்பட்டது’ என்று கையெழுத்தும் தேதியும் முத்திரையும் வாங்க வேண்டும். வாங்க மறுத்தால் அன்றைக்கே மின்னஞ்சலிலும் விரைவு அஞ்சலிலும் அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்த வேண்டும். வாங்கிக்கொண்டு ‘உட்காரம்மா, பேசித் தீர்த்துக்கொள்ளலாம்’ என்பதும் உண்டு. பேசலாம், தவறில்லை. வெளியே வந்ததும், ‘இன்று நடந்த பேச்சில் நீங்கள் சொன்னது இது’ என்று நான்கு வரி மின்னஞ்சல் அனுப்பிவிட வேண்டும். பேச்சின் முடிவில் 500 ரூபாய் கொடுத்து, ‘முழுத் தொகையும் பெற்றுக்கொண்டேன்’ என்ற தாளை நீட்டினால், ‘ஒரு பகுதி மட்டும்’ என்று தன் கையால் எழுதாமல் கையெழுத்துப் போடக் கூடாது.

குழு பெரும்பான்மையால் முடிவெடுக்கும். ஆனால் தொழிலாளர் தரப்பு உறுப்பினர்களில் பாதிக்கு மேற்பட்டோர் ஒப்புக்கொண்டிருக்க வேண்டும்; இல்லாவிட்டால் முடிவு எட்டப்பட்டதாகவே கருதப்படாது. செல்விக்கு முடிவு பிடிக்கவில்லை, அல்லது 30 நாளில் முடிவே வரவில்லை என்றால் அடுத்த 60 நாளுக்குள் சமரச அலுவலரிடம் போகலாம். ஏப்ரல் 10இல் கடிதம் சேர்ந்திருந்தால் மே 10இல் 30 நாள் முடிகிறது. ஜூலை 9க்குள் சமரச மனு போய்ச் சேர வேண்டும். இங்கே ஒரு முட்டுக்கட்டை இருக்கிறது: தான் உறுப்பினராக உள்ள தொழிற்சங்கம் வழியாகத்தான் அந்த மனுவைத் தர வேண்டும் என்கிறது சட்டம். சங்கமே இல்லாத நிறுவனங்கள் நிறைந்த ஊரில் இது யாருக்காக எழுதப்பட்டது என்று கேட்கத் தோன்றுகிறது.

சம்பளம் சார்ந்த குறையாக இருப்பதால் செல்விக்கு இன்னொரு வாசலும் உண்டு. ஊதியச் சட்டத்தொகுப்பின் 45ஆவது பிரிவின்கீழ், அதற்கென நியமிக்கப்பட்ட அதிகாரியிடம் தொழிலாளி தானே மனுச் செய்யலாம், சங்கம் வேண்டியதில்லை. குறைதீர்க் குழுவிடம் போக ஓராண்டுதான் அவகாசம். இங்கே மூன்றாண்டு. பாக்கியோடு இழப்பீடும் விதிக்கலாம். அதைவிடப் பெரிய வசதி, சேர வேண்டிய தொகையைக் கொடுத்துவிட்டோம் என்று நிரூபிக்கும் பொறுப்பு 59ஆவது பிரிவுப்படி முதலாளியுடையது. அங்கே போகும்போதும் ஏப்ரல் 10 முத்திரையிட்ட அதே கடிதம்தான் முதல் இணைப்பு. அதில் எழுதிய தொகையும் இங்கே கேட்கும் தொகையும் வேறுபட்டால் முதல் கேள்வியே அதைப் பற்றித்தான் வரும். எனவே ஆரம்பத்திலேயே கணக்கைச் சரிபார்த்து எழுத வேண்டும்.

ஒப்பந்தக்காரர் வழியாக வேலைக்கு வந்தவர்கள் கடிதத்தை ஒப்பந்தக்காரருக்கு எழுதி, பிரதியை மூல நிறுவனத்தின் மனிதவளத் துறைக்கும் கொடுக்க வேண்டும். ஒப்பந்தக்காரர் சம்பளம் தராவிட்டால் பொறுப்பு மூல நிறுவனத்தின் மேல் விழுகிறது. மாதம் 18,000 ரூபாய்க்கு மேல் வாங்கும் மேற்பார்வையாளர்களும் நிர்வாகப் பொறுப்பில் இருப்பவர்களும் தொழில் உறவுகள் சட்டத்தொகுப்பில் தொழிலாளி என்ற வரையறைக்குள் வருவதில்லை. அவர்கள் குறைதீர்க் குழுவை நாட முடியாது, நிறுவனத்தின் சொந்த விதிப்படி மனிதவளத் துறைக்கு எழுதலாம்.

பாலியல் தொல்லை பற்றிய புகாரை மட்டும் இந்த வழியில் கொண்டுபோகக் கூடாது. 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி அதற்கு உள்ளகப் புகார்க் குழு என்று தனிக் குழு இருக்கிறது. சம்பவம் நடந்த மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும். பல முறை நடந்திருந்தால் கடைசிச் சம்பவத்திலிருந்து மூன்று மாதம். தக்க காரணம் இருந்தால் குழு இன்னும் மூன்று மாதம் வரை நீட்டிக்கலாம். மனிதவளத் துறைக்கு எழுதிவிட்டுப் பதிலுக்குக் காத்திருப்பவர்களின் காலக்கெடு அந்தக் காத்திருப்பிலேயே கரைந்துவிடும். கடிதத்தின் முகவரியிலேயே அந்தக் குழுவின் பெயர் இருக்க வேண்டும்.