கம்பி வைத்தால் பிள்ளை கட்டையாகிவிடுமா?

"ஆபரேசன் பண்ணுனா பிள்ள கட்டையா போயிருமே டாக்டர், நாளைக்கு மாப்பிள்ள பாக்கணும்லா?" அம்பாசமுத்திரம், களக்காடு, வள்ளியூர் என்று எந்தப் பக்கத்திலிருந்து வந்தாலும் இதுதான் முதல் கேள்வி. முதுகு வளைந்த பிள்ளையை "வளத்தி முடியட்டும்" என்று இரண்டு மூன்று வருடம் வீட்டில் வைத்துவிட்டு, வளைவு முற்றியபின் கொண்டுவருகிறார்கள். உயரத்தைக் காப்பாற்றத்தான் காத்திருந்தோம் என்கிறார்கள். அந்தக் காத்திருப்பில்தான் உயரம் போகிறது.

வளைந்த கம்பை நிமிர்த்தினால் நீளம் கூடித் தெரியும் அல்லவா? ஸ்கோலியோசிஸ், அதாவது பக்கவாட்டில் வளைந்த முதுகும் அப்படித்தான். எக்ஸ்ரேயில் 60 டிகிரி வளைவு இருந்தால், அந்த வளைவே சுமார் 3 சென்டிமீட்டர் உயரத்தை மறைத்து வைத்திருக்கும். அதை 20 டிகிரிக்குக் கொண்டுவந்தால் மறைவது ஒரு சென்டிமீட்டர்தான். ஆக, பிள்ளை எழுந்து நிற்கும் நாளிலேயே ஏறத்தாழ 2 சென்டிமீட்டர் கூடுதலாகத் தெரிவாள்.

இழப்பும் உண்டு, அதை மறைக்க வேண்டியதில்லை. வளைவை நிமிர்த்திக் கம்பி வைக்கும் இந்த ஆபரேஷனில் செய்யும் ஃபியூஷன் என்பது முள்ளெலும்புகளை ஒன்றோடொன்று ஒட்டவைப்பது. ஒட்டிய எலும்பு அதன்பின் உயராது. வளரும் வயதில் ஒரு முள்ளெலும்புக்கு வருடத்துக்கு 0.7 மில்லிமீட்டர் என்று வைத்துக் கணக்குப் போடுவது வழக்கம். ஒட்டும் எலும்புகளின் எண்ணிக்கையையும், பாக்கியிருக்கும் வளர்ச்சி வருடங்களையும் அதோடு பெருக்க வேண்டும்.

ஒரு பிள்ளையை வைத்துப் பார்ப்போம். வயது 13, வயதுக்கு வந்து ஒரு வருடம், நெஞ்சுப் பகுதியில் 60 டிகிரி வளைவு. இடுப்பெலும்பின் மேல்விளிம்பில் எலும்பு படிவதை 0 முதல் 5 வரை அளக்கும் ரிஸ்ஸர் கணக்கில் 2. முதுகு வளர இன்னும் ஒன்றரை வருடம் இருக்கிறது என்று கொள்ளலாம். ஒட்ட வேண்டியவை 10 எலும்புகள். 0.7 × 10 × 1.5 என்றால் 10.5 மில்லிமீட்டர், அதாவது ஒரு சென்டிமீட்டர் சொச்சம். கிடைப்பது 2, போவது 1. ஒட்டாத எலும்புகளும் கால்களும் தம்பாட்டுக்கு வளரும். கட்டையாவது எங்கே?

இதே பிள்ளையைக் காக்கவைத்து வளைவு 75 டிகிரியைத் தொட்டால், மறையும் உயரம் 3-லிருந்து 4 சென்டிமீட்டருக்கு மேல் போய்விடும். அதோடு, முற்றிய வளைவு விறைத்துவிடும். 60-இல் நிமிர்ந்த அளவுக்கு அது நிமிராது. மிச்சம்பிடிக்க நினைத்த ஒரு சென்டிமீட்டர் அங்கேயே போய்விடுகிறது. தயவுசெய்து இந்தக் கணக்கைப் பாட்டிமாருக்கும் சொல்லுங்கள்.

"எலும்பு ஒட்டினப்புறம் கம்பிய எடுத்துட்டா திரும்ப வளருமா?" என்றும் கேட்கிறார்கள். வளராது. வளர்ச்சியை நிறுத்தியது ஒட்டிய எலும்பு. கம்பியும் ஸ்க்ரூவும் அது ஒட்டும்வரை பிடித்துக்கொள்ளத்தான்.

பயம் நியாயமாக இருக்கும் இடம் ஒன்று உண்டு. 10 வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு முதுகை நீளமாக ஒட்டினால் உயரம் மட்டுமல்ல, நெஞ்சுக்கூடும் நுரையீரலும் வளர இடமில்லாமல் போகும். அதனால் அந்த வயதில் அவ்வப்போது நீட்டக்கூடிய கம்பி வைத்து, ஒட்டுவதைத் தள்ளிப்போடுவார்கள். அந்தச் சிறு குழந்தைகளுக்குச் சொன்னதைத்தான் 14 வயதுப் பிள்ளைக்கும் சேர்த்துப் பேசுகிறார்கள்.

எதிர்ப்பக்கத்திலும் ஆசை வேண்டாம். நான்கு அங்குலம் உயர்த்தித் தரச் சொல்லாதீர்கள். வளைவு எவ்வளவு மறைத்ததோ, அதில் ஒரு பங்குதான் திரும்பக் கிடைக்கும். அளவுக்கு மீறி இழுத்தால் தண்டுவடம் தாங்காது. நிமிர்த்தும்போது நரம்புச் சைகைகளை விடாமல் பார்ப்பதே அதற்காகத்தான்.

அளப்பதைச் சரியாகச் செய்யுங்கள். காலையில் எழுந்ததும் இருக்கும் உயரம் சாயங்காலம் ஒரு சென்டிமீட்டர் வரை குறையும். ஆபரேஷனுக்கு முன் காலையிலும் பின் மாலையிலும் அளந்துவிட்டு "உயரவே இல்ல" என்று வருத்தப்படுவதில் அர்த்தமில்லை. ஒரே நேரம், செருப்பில்லாமல், குதிகால் சுவரில் ஒட்டி, தலையில் தட்டையான அட்டை வைத்து அளந்து பாருங்கள். உட்கார்ந்த உயரத்தையும் தனியாகக் குறித்துவையுங்கள். முதுகின் கணக்கு அதில்தான் தெரியும். நின்ற உயரத்தில் காலின் வளர்ச்சியும் கலந்துவிடும்.

ஆபரேஷனுக்குப் பின் அப்படிக் குறித்ததில் உட்கார்ந்த உயரம் அடுத்தடுத்து இரண்டு தடவை குறைந்தால் அடுத்த செக்கப் தேதிக்குக் காத்திருக்க வேண்டாம். எலும்பு ஒட்டாமல் கம்பி உடைந்திருக்கலாம், கம்பிக்கு மேலே முதுகு முன்பக்கம் கூனியிருக்கலாம், கீழே ஒட்டாத பகுதி புதிதாக வளையத் தொடங்கியிருக்கலாம். புதிதாக வலி வந்தாலோ, தைத்த சுடிதார் ஒரு பக்கம் ஏறி நின்றாலோ, அப்போதும் காத்திருக்க வேண்டாம். ஆபரேஷன் ஆன உடனே எடுத்த எக்ஸ்ரேயை மறக்காமல் கையோடு கொண்டுவாருங்கள். அதை வைத்துப் பார்த்தால்தான் மாறியது எது என்று சொல்ல முடியும்.