நான்கு அட்டவணைகள், ஒரே கோடு

ஈசூனில் இருக்கும் என் அண்ணன் மகள் தொடக்கக் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். போன மாதம் கணக்குப் பாடத்தில், தரவுக்குக் கோடு பொருத்தும் ரிக்ரெஷன் வந்ததும், சாப்பாட்டு மேசையில் உட்காரவைத்து ஒரு தாளைக் கொடுத்தேன். அதில் நான்கு அட்டவணைகள். ஒவ்வொன்றிலும் 11 ஜோடி எண்கள், x ஒன்று, y ஒன்று. முதல் அட்டவணையைக் கிராஃபிக் கால்குலேட்டரில் ஏற்றினாள். y = 3 + 0.5x என்ற கோடும், அது தரவுக்கு எவ்வளவு பொருந்துகிறது என்று சொல்லும் R² = 0.67 என்ற எண்ணும் வந்தன. இரண்டாவதை ஏற்றினாள். அதே கோடு, அதே 0.67. மூன்றாவதிலும் அப்படியே வந்ததும் நிமிர்ந்து பார்த்தாள். "சித்தப்பா, பழைய லிஸ்ட் அழியலையா?"

அழிந்துதான் இருந்தது. அந்த அட்டவணைகளைச் செய்தவர் ஃபிராங்க் ஆன்ஸ்கோம் என்ற புள்ளியியலாளர். 1973ல் ஒரு கட்டுரைக்காக அவற்றை வேண்டுமென்றே இப்படி அமைத்தார். நான்கிலும் x-ன் சராசரி 9, y-ன் சராசரி 7.5. கோடும் R²-உம் இரண்டு தசம இடம்வரை ஒன்றுதான். கணினி அப்போதெல்லாம் பக்கம் பக்கமாக எண்களை அச்சிட்டுத் தள்ளும். வரைபடம் போட யாரும் மெனக்கெடுவதில்லை. கணக்கு, படம் இரண்டையுமே கணினி தரவேண்டும் என்று அவர் அந்தக் கட்டுரையில் வாதாடினார்.

சரி, வரைபடத் தாளில் புள்ளி வைத்துப் பார் என்றேன். முதல் படத்தில் புள்ளிகள் கோட்டுக்கு மேலும் கீழும் ஒழுங்கில்லாமல் சிதறிக்கிடந்தன. நேர்கோடு போடத் தகுந்த தரவு என்றால் இப்படித்தான் இருக்கும். இரண்டாவது படம் வழுவழுப்பான ஒரு வளைவு; ஏறி, x = 11 பக்கத்தில் உச்சம் தொட்டு, இறங்கத் தொடங்குகிறது. மூன்றாவதில் பத்துப் புள்ளிகள் நூல் பிடித்த மாதிரி நிற்க, ஒன்று மட்டும் தனியாக மேலே தொங்குகிறது. நான்காவதில் பத்துப் புள்ளிகள் x = 8ல் செங்குத்தாக ஒன்றின்மேல் ஒன்று; பதினொன்றாவது தொலைவில், x = 19ல்.

இவ்வளவு வேறுபட்ட படங்களுக்கு ஒரே எண் எப்படி வருகிறது? R² எப்படிப் பிறக்கிறது என்று பார்த்தால் விளங்கிவிடும். ஒவ்வொரு புள்ளியும் கோட்டிலிருந்து செங்குத்தாக எவ்வளவு விலகியிருக்கிறது என்று எடுத்து, வர்க்கமாக்கிக் கூட்டவேண்டும். நான்கு அட்டவணைகளிலும் இந்தக் கூட்டுத்தொகை ஏறக்குறைய 13.76. கோடே போடாமல், y-ன் சராசரியிலிருந்து விலகலை எடுத்து அதேபோல் வர்க்கமாக்கிக் கூட்டினால் ஏறக்குறைய 41.27. அதில் 13.76 என்பது மூன்றில் ஒரு பங்கு. மீதி மூன்றில் இரண்டு பங்கு, அதாவது 0.67, கோடு விளக்கிய பங்கு. R² சொல்வது இதைத்தான். கூட்டிய பிறகு, அந்த 13.76 எந்தப் புள்ளியிலிருந்து எவ்வளவு வந்தது என்ற விவரம் போய்விடுகிறது. மாதச் செலவின் மொத்தம் மட்டும் தெரிந்து, எந்தக் கடையில் எவ்வளவு போனது என்று தெரியாத நிலை.

கணக்கைப் பிரித்துப் பார்ப்போம். இரண்டாவது அட்டவணையில் x = 4 முதல் 14 வரை வரிசையாக விலகல்களை எழுதினால் இப்படி வரும்: −1.90, −0.76, 0.13, 0.76, 1.14, 1.27, 1.14, 0.76, 0.13, −0.76, −1.90. இரு ஓரங்களிலும் கழித்தல், நடுவில் கூட்டல், கண்ணாடியில் பார்த்ததுபோல் இரு பக்கமும் சமம். விலகல் தற்செயலாக வந்திருந்தால் இப்படி வரிசை கட்டாது. கோடு தவறவிட்ட ஒன்று, அதாவது வளைவு, இந்த விலகல்களுக்குள் அப்படியே உட்கார்ந்திருக்கிறது. x = 14ல் கோடு 10 என்கிறது; உண்மை 8.10, அதுவும் இறங்குமுகத்தில். இந்தக் கோட்டை நம்பி x = 20க்கு மதிப்புச் சொன்னால் 13 வரும். வளைவோ அங்கே பூஜ்யத்துக்கும் கீழே போய்விடும்.

மூன்றாவதில் 13.76ல் ஏறக்குறைய 10.5 ஒரே புள்ளியிலிருந்து வருகிறது. x = 13, y = 12.74 என்ற அந்தப் புள்ளியை ஒதுக்கினால், மற்ற பத்தும் y = 4 + 0.346x என்ற கோட்டில் ஏறக்குறைய பிசகில்லாமல் விழும். ஒரே ஒரு புள்ளி, கோட்டின் சரிவை 0.346லிருந்து 0.5க்கு இழுத்துவிட்டிருக்கிறது. அதை உடனே அழித்துவிடலாமா என்று அவள் கேட்டாள். கூடாது. பதிவேட்டைத் திறந்து பார்க்கவேண்டும். எண் மாறிப் பதிவாகியிருக்கலாம், கருவி தவறியிருக்கலாம், அல்லது அந்த ஒரு சமயம் நிஜமாகவே ஏதோ நடந்திருக்கலாம்.

எனக்கு மிகவும் கவலை தருவது நான்காவதுதான். அதை நம்மூர்க் கதையாகவே வைத்துக்கொள்வோம். வீவக புளோக் ஒன்றில் 11 வீடுகள். x என்பது ஒரு நாளில் ஏர்கான் ஓடும் மணி நேரம், y என்பது அன்றைய மின்சாரம், யூனிட்டில். பத்து வீடுகளில் இரவு 8 மணி நேரம் ஓடுகிறது. அவற்றின் செலவு 5.25 முதல் 8.84 வரை, சராசரி 7. ஒரு வீட்டில் மட்டும் 19 மணி நேரம் ஓடுகிறது, செலவு 12.5. கோடு y = 3 + 0.5x. கேட்கவும் நன்றாக இருக்கிறது: பிரிட்ஜ், விளக்குக்கு 3 யூனிட், ஏர்கானுக்கு மணிக்கு அரை யூனிட்.

ஆனால் அந்த அரை யூனிட் எங்கிருந்து வந்தது? x-ல் இரண்டே மதிப்புகள்தான் உள்ளன, 8, 19. ஆகவே கோடு 8க்கு நேரே பத்து வீடுகளின் சராசரியான 7 வழியாகவும், 19க்கு நேரே அந்த ஒற்றை வீட்டின் வழியாகவும் போயே ஆகவேண்டும். 12.5லிருந்து 7ஐக் கழித்தால் 5.5. அதை 11 மணி நேர வித்தியாசத்தால் வகுத்தால் 0.5. முழுச் சரிவும் ஒரு வீட்டின் ஒரு நாள் ரீடிங்கைத் தாங்கி நிற்கிறது. அந்த வீட்டில் அன்று 7 யூனிட் பதிவாகியிருந்தால் சரிவு பூஜ்யம். 1.5 என்றால் −0.5, ஏர்கான் போடப் போட மின்சாரம் மிச்சமாகிறது என்று அதே பத்து வீடுகள் சொல்லியிருக்கும்!

இன்னொன்றும் உண்டு. மூன்றாவதின் தனித்து நிற்கும் புள்ளியை, விலகல் பெரிதாக இருப்பதை வைத்தே பிடித்துவிடலாம். இங்கே அது நடக்காது. கோடு அந்த வீட்டின் வழியாகவே போவதால் அதன் விலகல் பூஜ்யம். விலகல் பட்டியலை மேலிருந்து கீழே எத்தனை முறை படித்தாலும், பதினொன்றில் மிக ஒழுங்கான வீடு அதுதான் என்று தோன்றும். x-ல் தொலைவாக நின்று கோட்டைத் தன் பக்கம் இழுக்கும் இந்த வலுவை நெம்புகோல் என்று பொருள்படும் லெவரேஜ் என்கிறார்கள். அதன் உச்ச மதிப்பு 1. அந்த ஒற்றை வீட்டுக்கு அது சரியாக 1. லெவரேஜைக் கேட்டு வாங்கினால் மென்பொருள் தரும். கேட்கவேண்டும் என்று தோன்றுவதற்கே முதலில் படத்தைப் பார்த்திருக்கவேண்டும்.

R மென்பொருள் வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தரவு அதற்குள்ளேயே இருக்கிறது:

```
plot(y4 ~ x4, data = anscombe)
summary(lm(y4 ~ x4, data = anscombe))
```

வரிசையைக் கவனியுங்கள், plot முதலில். கோட்டைக் கணக்கிடச் சொல்லும்போதே உறவு நேர்கோடுதான் என்று நாம் முடிவு செய்துவிடுகிறோம். கணினி அதை மறுத்துப் பேசாது. 0.67ஐப் பார்த்த பிறகு படம் போட்டால், கண் அந்தக் கோட்டையே தேடும். காரணிகள் ஐந்தாறு இருக்கும்போது ஒரே படத்தில் எல்லாவற்றையும் காட்டமுடியாது என்பது உண்மைதான். அப்போதும் ஒவ்வொரு x-க்கும் எதிராக y-ஐ முதலில் வரைந்து, கோடு போட்டபின் விலகல்களைக் கோட்டின் மதிப்புக்கு எதிராக வரைந்தால், இரண்டாவது அட்டவணையின் வளைவு மாதிரியானவை பெரும்பாலும் தெரிந்துவிடும்.

நான்காவது படத்தில் x = 19ஐச் சுற்றி அவள் பென்சிலால் வட்டம் போட்டாள். 8க்கும் 19க்கும் நடுவே தாள் வெறுமையாக இருந்தது. "11 மணி நேரம், 14 மணி நேரம் ஏர்கான் போடுற வீடு ஒண்ணுகூட இல்லையே" என்றாள். அந்த வீடுகளின் ரீடிங் வரும்வரை, மணிக்கு அரை யூனிட் என்று சொல்ல நம்மிடம் ஒரே ஒரு வீடுதான் இருக்கிறது.