கம்பங்கூழ்: புளிக்க விடுவது அடுப்புக்கு முன்னா, பின்னா?

நான்கு பேருக்கு: கம்பு 200 கிராம், தண்ணீர் சுமார் ஒன்றரை லிட்டர், தயிர் 200 மில்லி, உப்பு ஒன்றரை டீஸ்பூன். கடித்துக்கொள்ளச் சின்ன வெங்காயம், பச்சை மாங்காய்.

இப்போது பல வீடுகளில் கம்பங்கூழ் செய்யும் முறை சுலபமானது. கம்பை ரவையாக உடைத்து, குக்கரில் நாலைந்து விசில் விட்டு, ஆறியதும் உருண்டை பிடித்துத் தண்ணீரில் போட்டுவிடுவார்கள். மறுநாள் காலையில் கரைத்து மோர் ஊற்றினால் கூழ் தயார். புளிப்பும் இருக்கும், வயிற்றுக்குக் குளிர்ச்சியாகவும் இருக்கும். குறை சொல்ல ருசியில் ஒன்றுமில்லை. ஆனால் கம்பில் இரும்புச்சத்து அதிகம் என்பதற்காகக் கூழ் குடிப்பவர்களுக்கு இந்த முறையில் ஒரு வேலை விட்டுப்போகிறது. மாவைக் கரைத்து முதல்நாள் இரவே புளிக்கவிட்டு, மறுநாள் காய்ச்சும் பழைய முறையில்தான் அந்த வேலை நடக்கிறது.

நூறு கிராம் கம்பில் ஆறு மில்லிகிராமுக்குச் சற்று அதிகமாகவே இரும்பு இருக்கிறது. தீட்டிய அரிசியில் ஒரு மில்லிகிராம்கூட இல்லை. ஆனால் கம்பின் இரும்பில் பெரும்பகுதி ஃபைட்டிக் அமிலம் என்ற பொருளின் பிடியில் கிடக்கிறது. விதை முளைக்கும்போது வேண்டிய பாஸ்பரஸைச் சேமித்து வைக்கச் செடி உண்டாக்கும் பொருள் அது. ஒரு மூலக்கூறில் ஆறு பாஸ்பேட் கைகள். அந்தக் கைகள் இரும்பையும் துத்தநாகத்தையும் இறுகப் பற்றிக்கொள்வதால், குடல் அவற்றை உறிஞ்ச முடியாமல் வெளியேற்றிவிடுகிறது.

இந்தக் கைகளை வெட்டும் கத்திரியையும் கம்பே வைத்திருக்கிறது. அதன் பெயர் ஃபைட்டேஸ் என்ற நொதி. காய்ந்த தானியத்தில் அது சும்மா கிடக்கும். ஈரம் பட்டதும் விழிக்கும், கரைசல் லேசாகப் புளிக்கும்போது முழு வேகத்தில் வேலை செய்யும். மாவுக் கரைசலில் பெருகும் லாக்டிக் அமில பாக்டீரியாக்கள் அந்தப் புளிப்பைக் கொடுக்கின்றன. பாக்டீரியா புளிப்பைக் கூட்டக் கூட்ட, நொதி பாஸ்பேட் கைகளை ஒவ்வொன்றாக வெட்டிக்கொண்டே போகிறது. கைகள் இரண்டு மூன்றாகக் குறைந்துவிட்டால் இரும்பின் மீதான பிடி தளர்ந்துவிடும்.

ஃபைட்டேஸ் ஒரு புரதம். கொதிநிலையில் அது செத்துப்போகும். வேகவைத்த பிறகு தண்ணீரில் போட்டு ஊறவிடும் களியில் புளிப்பு வரும், பாக்டீரியாவும் பெருகும், ஆனால் தானியத்தின் சொந்த நொதி அங்கே உயிரோடு இருக்காது. பாக்டீரியாவிடம் இருக்கும் சொற்ப நொதி அந்த இடத்தை நிரப்பாது. அதனால்தான் அடுப்புக்கு முந்தைய புளிப்பும் பிந்தைய புளிப்பும் நாக்குக்கு ஒன்றாக இருந்தாலும் ஒரே பலனைத் தருவதில்லை.

செய்முறை இதுதான். கம்பைக் கழுவி, கல் அரித்து, வடிகட்டித் துணியில் இருபது நிமிடம் பரப்பிவையுங்கள். மேல்தோல் ஈரமாக இருக்க வேண்டும், உள்ளே ஊறிவிடக் கூடாது. மிக்சியில் விட்டுவிட்டு மூன்று நான்கு சுற்று ஓட்டினால் தோல் கழன்றுவரும். முறத்தில் புடைத்துப் பறக்கிற உமியை மட்டும் நீக்குங்கள். முழுக்கத் தீட்ட வேண்டியதில்லை. பிறகு மறுபடி ஓட்டிப் பாதி குருணை, பாதி மாவாக உடைத்துக்கொள்ளுங்கள். எல்லாம் மாவாகிவிட்டால் கூழ் பசைபோல இழுக்கும். எல்லாம் குருணையாக இருந்தால் தண்ணீர் தனியாக, சோறு தனியாக நிற்கும்.

இதை மண்சட்டியிலோ எவர்சில்வர் பாத்திரத்திலோ 400 மில்லி தண்ணீரில் கரைத்து, இரண்டு ஸ்பூன் மோர் அல்லது முந்தைய நாளின் புளித்த கரைசல் சேர்த்து மூடிவையுங்கள். இப்போது உப்பு வேண்டாம், உப்பு புளிப்பை மெதுவாக்கும். வெயில் காலத்தில் எட்டிலிருந்து பத்து மணி நேரம் போதும். மார்கழிக் குளிரில் பதினான்கு மணி நேரம்கூட ஆகலாம்.

புளித்துவிட்டதா என்று பார்க்க இட்லி மாவைப் போலப் பொங்கும் என்று காத்திருந்தால் ஏமாற்றம்தான். இட்லி மாவில் உளுந்தின் வழவழப்பு காற்றைப் பிடித்துவைக்கும். இங்கே அது இல்லாததால் குமிழி வந்த வேகத்தில் உடைந்துவிடும். நம்பகமான அடையாளம் நிறம். கம்பின் சாம்பல் நிறத்துக்குக் காரணமான ஃபிளேவனாய்டுப் பொருள்கள் அமிலத்தில் வெளுத்துப்போகும். இரவு சாம்பலாக இருந்த கரைசல் காலையில் பால் கலந்ததுபோல வெளுத்திருந்தால் புளிப்பு சரியாக ஏறியிருக்கிறது. ஆப்பச் சோடா போட்டால் இதே கம்பு மஞ்சள் பச்சையாக மாறும் (கம்பு தோசையில் சோடா போட்டு, மாவு ஏன் பச்சையாகிறது என்று குழம்புபவர்களுக்கு விடை இதுதான்). மணம் மோரைப் போல இருக்க வேண்டும். இளஞ்சிவப்புத் திட்டு, நூல் இழுக்கும் வழவழப்பு, அழுகல் நாற்றம், இவற்றில் எது தெரிந்தாலும் மொத்தத்தையும் கொட்டிவிடுங்கள். கொதிக்கவைத்தால் சரியாகிவிடும் என்று நினைக்க வேண்டாம். சில கிருமிகள் விட்டுவைக்கும் நச்சு கொதிப்புக்கும் அழியாது.

மேலே தெளிந்து நிற்கும் புளித்த தண்ணீரைச் சிலர் இறுத்துவிடுவார்கள். விடுபட்ட தாதுக்களில் ஒரு பங்கு அதில்தான் கரைந்திருக்கும். அளவுக்கு மீறிப் புளித்தால் தவிர அதை இறுக்க வேண்டாம்.

அடிகனமான பாத்திரத்தில் 500 மில்லி தண்ணீர் கொதித்ததும், கரைசலை அடியோடு கலக்கி, கிண்டிக்கொண்டே ஊற்றுங்கள். உலர்ந்த மாவைக் கொதிநீரில் போடும்போது கட்டி விழுவதற்குக் காரணம், மாவுத் துகள்களின் வெளிப்பக்கம் உடனே வெந்து தோல்போல மூடிக்கொள்வதுதான். உள்ளே தண்ணீர் போகாது. புளித்த கரைசலில் ஒவ்வொரு துகளும் ஏற்கெனவே நனைந்திருப்பதால் இந்தத் தொல்லை பெரும்பாலும் இல்லை. குருணை அடியில் தங்கிப் பிடிப்பதுதான் இங்கே ஆபத்து. முதல் ஐந்து நிமிடம் கை நிற்கக் கூடாது.

கெட்டியானதும் தீயைக் குறைத்து இருபதிலிருந்து இருபத்தைந்து நிமிடம் வேகவிடுங்கள். கெட்டியாகிவிட்டது என்பதற்காக வெந்துவிட்டது என்று இறக்குவதுதான் பலரும் செய்யும் தவறு. கம்பு மாவுச்சத்து சுமார் 70 டிகிரியிலேயே தண்ணீரை உறிஞ்சிக் கெட்டியாகிவிடும். அந்த நேரத்தில் குருணையின் நடுப்பகுதி இன்னும் பச்சையாகத்தான் இருக்கும். அப்படி இறக்கிய கூழ் பச்சை மாவு வாடை அடிக்கும், சற்று நேரத்தில் மேலே தண்ணீர் பிரிந்து நிற்கும். ஈரக் கையால் களியைத் தொட்டுப் பாருங்கள். விரலில் ஒட்டாமல் பளபளப்பாக இருந்தால் வெந்துவிட்டது.

உப்புப் போட்டு ஆறவிட்டு, தயிரும் மீதித் தண்ணீரும் சேர்த்துக் கரைத்தால் அன்றே குடிக்கலாம். மறுநாளுக்கு வேண்டுமென்றால் உருண்டையாக்கித் தண்ணீர் மூழ்கும்படி ஊற்றிவையுங்கள். முன்பே புளித்த களி என்பதால் அதில் அமிலம் இருக்கிறது. புளிக்காமல் வேகவைத்த வெறும் களியைவிட இதில் கெட்ட கிருமி தலையெடுப்பது கடினம். அதற்காக வெளியில் இரண்டாவது இரவும் வைக்கலாம் என்று பொருளில்லை.

கடையில் வாங்கும் கம்பு மாவைப் பற்றியும் சொல்ல வேண்டும். கம்பில் கொழுப்பு சுமார் ஐந்து சதவீதம். அரிசி, கோதுமையைவிட இது கூடுதல், பெரும்பகுதி முளைப்பகுதியில் இருக்கிறது. அரைத்ததும் லைப்பேஸ் என்ற வேறொரு நொதி அந்தக் கொழுப்பை உடைக்கத் தொடங்கும். ஒரு வாரத்திலேயே மாவில் கசப்பு தட்டலாம். புளிக்கவைத்தாலும் மோர் ஊற்றினாலும் அந்தக் கசப்பு போகாது. ஒரு சிட்டிகை மாவை நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு வாங்க முடிந்தால் நல்லது, அது நடக்காது என்பதால் தானியமாக வாங்கி அவ்வப்போது உடைப்பதே மேல்.

கசக்காமல் இருக்க வறுத்து அரைத்த மாவும் கிடைக்கிறது. அந்தச் சூடு லைப்பேஸைக் கொல்லும்போது ஃபைட்டேஸையும் சேர்த்துக் கொன்றுவிடலாம். அந்த மாவில்தான் செய்ய வேண்டுமென்றால், கரைக்கும்போது முளைகட்டி வெயிலில் காயவைத்த, வறுக்காத கேழ்வரகு மாவை ஒரு மேசைக்கரண்டி சேருங்கள். முளைத்த தானியத்தில் ஃபைட்டேஸ் அதிகம். அதற்குமேல் சேர்த்தால் முளையிலுள்ள மாவுச்சத்து நொதிகள் காய்ச்சும்போது களியை நீர்க்கவைத்துவிடும்.

இவ்வளவு செய்தாலும் ஃபைட்டிக் அமிலம் முழுக்கப் போய்விடாது. மிச்சமிருப்பது கொஞ்சமாக இருந்தாலும் இரும்பைத் தடுக்கும். தட்டின் ஓரத்தில் வைக்கும் மாங்காய்க்கு இங்கேதான் வேலை. வைட்டமின் சி ஃபைட்டிக் அமிலத்தின் தடையை எதிர்த்து இரும்பை உறிஞ்சவைக்கும். ஊறுகாயில் அந்த வைட்டமின் பெருமளவு போயிருக்கும், பச்சையாகவே வேண்டும். மாங்காய் இல்லாத மாதங்களில் ஒரு பெரிய நெல்லிக்காய் அதைவிடச் சிறப்பு. வெங்காயமும் பூண்டும் தானியங்களிலிருந்து இரும்பை விடுவிக்க உதவுவதாக மைசூர் உணவு ஆராய்ச்சி நிறுவனத்தார் காட்டியிருக்கிறார்கள். அது ஆய்வகக் குடுவையில் செய்த சோதனை, மனிதரிடம் செய்ததல்ல. தயிரிலுள்ள கால்சியம் சற்றே எதிர்ப்பக்கம் இழுக்கும். ரத்தசோகைக்காகக் கூழ் குடிப்பவர்கள் தயிரைப் பாதியாகக் குறைத்து மாங்காயைக் கூட்டிக்கொள்ளலாம். கூழ் குடித்த கையோடு டீ குடிப்பதைத் தள்ளிப்போடுவது அதைவிட முக்கியம்.

சர்க்கரை நோய் உள்ளவர்கள் சிறுதானியம் என்பதற்காக இரண்டாவது சொம்பு கேட்க வேண்டாம். மேலே சொன்ன அளவில் ஒருவர் பங்குக்கு 50 கிராம் கம்பு வருகிறது, அதில் மாவுச்சத்து மட்டும் ஏறக்குறைய 31 கிராம். உடைத்து, குழையக் காய்ச்சிக் குடிக்கும்போது அது முழுத்தானியத்தைவிட வேகமாகச் செரிக்கும். தைராய்டுக் கோளாறு உள்ளவர்கள் அயோடின் சேர்த்த உப்பையே போடட்டும், தினமும் மூன்று வேளையும் கம்பாகவே சாப்பிடாமல் இருக்கட்டும். கம்புக்குச் சாம்பல் நிறம் தரும் அதே ஃபிளேவனாய்டுகள், அயோடின் குறைந்தவர்களிடம் தைராய்டு சுரப்பைத் தடுக்கக்கூடியவை.